ஓய்வுபெறும்போது கடன் பாக்கி: மொத்தப் பணத்தில் அடைப்பதா, தவணையைத் தொடர்வதா?

வேலையிலிருந்து ஓய்வுபெறும்போது கையில் ஒரு பெரிய தொகை வந்து சேர்கிறது. அதே நேரம் வீட்டுக் கடனில் இன்னும் சில வருடத் தவணை பாக்கி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இதைப் பழக்கத்தாலோ பயத்தாலோ தீர்மானித்துவிடுகிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போடுபவர்களும், பலமுறை நான் பார்த்தவரை, ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். அந்த இடத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடன் பாக்கி 10 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 60 மாதத் தவணை. மாதத் தவணை 20,758. கையில் வந்த தொகை 25 லட்சம். பத்திரமான டெபாசிட்டில் போட்டால் 7 சதவீதம் கிடைக்கும். பென்ஷன் மாதம் 40,000, குடும்பச் செலவு 32,000. பணம் எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

கடனின் மொத்த வட்டியையும் டெபாசிட்டின் மொத்த வட்டியையும் ஒப்பிடுவது

முதலில் போடுகிற கணக்கு இப்படி இருக்கும். 60 மாதமும் தவணை கட்டினால் மொத்தம் சுமார் 12.45 லட்சம் கட்டுவோம். அதில் வட்டி 2.45 லட்சம். அந்த 10 லட்சத்தைக் கடனுக்குக் கொடுக்காமல் டெபாசிட்டில் போட்டால், மாதக் கூட்டு வட்டியில் 5 வருடத்தில் 14.18 லட்சமாகும், வருமானம் 4.18 லட்சம். "2.45 லட்சம் கொடுத்து 4.18 லட்சம் வாங்குகிறேன், எதற்காகக் கடனை அடைக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். காகிதத்தில் எழுதிக் காட்டினால் யாரும் தலையாட்டிவிடுவார்கள்.

ஆனால் 9 சதவீதத்தில் கடன் வைத்துக்கொண்டு 7 சதவீதத்தில் சம்பாதித்து லாபம் பார்க்க முடியாது. அப்படி லாபம் வருவதாகக் கணக்கு சொன்னால், கணக்கில் எதையோ விட்டுவிட்டோம். விட்டது மாதா மாதம் கட்டுகிற 20,758-ஐ. கடன் பாக்கி ஒவ்வொரு தவணையிலும் குறைந்துகொண்டே வருகிறது. முதல் மாதம் 10 லட்சத்துக்கு 7,500 வட்டி போகும். பாதிக் காலத்தில் பாக்கி சுமார் 5.56 லட்சம்தான். 5 வருடத்துக்கும் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 5.45 லட்சத்துக்குத்தான் 9 சதவீத வட்டி கட்டுகிறோம். டெபாசிட்டோ 10 லட்சத்தில் தொடங்கி வளர்ந்துகொண்டே போகிறது. குறைகிற தொகையின் வட்டியையும் வளர்கிற தொகையின் வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அந்த மயக்கம்.

சரியாக ஒப்பிட, இரண்டு வழியிலும் 5 வருடக் கடைசியில் கையில் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க வேண்டும். தவணையைத் தொடர்ந்தால், 25 லட்சத்தின் மாத வட்டி 14,583. பென்ஷனோடு சேர்த்தால் 54,583. செலவும் தவணையும் போக மிச்சம் 1,825. கடனை அடைத்துவிட்டால் கையில் 15 லட்சம்தான். அதன் மாத வட்டி 8,750. பென்ஷனோடு 48,750 வரும், செலவு போக 16,750 மிஞ்சும். இரண்டு மிச்சத்தையும் அதே 7 சதவீதத்தில் மாதா மாதம் சேர்த்து வந்தால், தொடர்ந்தவரிடம் 60-ஆவது மாத முடிவில் சுமார் 26.31 லட்சம் இருக்கும், அடைத்தவரிடம் 26.99 லட்சம். அடைத்தவருக்கு ஏறக்குறைய 68,500 அதிகம்.

இந்த வித்தியாசம் பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசை மாறிவிட்டது, அதுதான் முக்கியம். டெபாசிட் வட்டிக்கு வரி கட்ட வேண்டியிருந்தால் இடைவெளி இன்னும் கூடும். 20 சதவீத வரி என்றால் 7 சதவீதம் 5.6 ஆகிவிடும். கடன் வட்டிக்கு வரிச்சலுகை கிடைக்கிற இடங்களிலும் ஓய்வுக்குப் பிறகு வருமானம் இறங்குவதால், அந்தச் சலுகையின் பலன் முன்போல இருக்காது. அதனால் ஒப்பிட வேண்டியது இரண்டே எண்கள்: வரி போகக் கடன் வட்டி வீதம், வரி போகப் பத்திரமான டெபாசிட் வீதம். கடன் வீதம் அதிகமென்றால் அடைப்பது லாபம். பல வருடம் முன்பு குறைந்த நிலையான வட்டிக்கு வாங்கிய கடன், இன்றைய டெபாசிட் வீதத்தைவிடக் கீழே இருந்தால் தொடர்வதே சரி. பங்குச் சந்தை முதலீட்டின் எதிர்பார்ப்பை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது. தவணை மாதா மாதம் கட்டாயம் போகும். சந்தை இறங்கிய வருடத்தில் அதைக் கட்ட, விலை இறங்கிய முதலீட்டையே விற்க நேரிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மிச்சமாகிற 16,750-ஐ உண்மையிலேயே சேர்த்தால்தான் 26.99 லட்சம். சேர்க்காமல் செலவாகிப் போனால் 5 வருடம் கழித்து கையில் 15 லட்சம்தான் இருக்கும், தொடர்ந்தவரிடம் 26 லட்சம் இருக்கும். தவணை என்பது ஒருவகையில் கட்டாயச் சேமிப்பு, அதை அடைத்ததும் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. ஆகவே கடனை முடித்த மாதமே, முன்பு தவணை பிடித்த அதே தேதியில், அந்த 16,750-ஐ மாதச் சேமிப்புக் கணக்குக்குத் தானாக மாற்ற ஏற்பாடு செய்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடும்.

கையிலிருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவது

மேலே உள்ள உதாரணத்தில் கடன் போக 15 லட்சம் மிஞ்சியது, தைரியமாக அடைக்கலாம். கையில் வந்தது 13 லட்சம் என்றால்? கடன் பாரம் இறங்கினால் போதும் என்று 10 லட்சத்தையும் கட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். மிஞ்சுவது 3 லட்சம். அடுத்த வருடமே ஒரு அறுவைச் சிகிச்சை என்றால், 9 சதவீதக் கடனை அடைத்தவர் அதைவிட அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்க வேண்டி வரும். அதுவும் ஓய்வுபெற்ற பிறகு, சம்பளச் சீட்டு இல்லாமல், கடன் கிடைப்பதே பெரிய பாடு. வீட்டில் போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் திரும்ப எடுக்க முடியாது. எனவே வட்டிக் கணக்குக்கு முன்பே, பென்ஷன் போகப் பற்றாக்குறையாகும் செலவு, மருத்துவக் காப்பீடு தராத பங்கு, வீட்டில் அவசியமான பழுது ஆகியவற்றுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அதைத் தொடாமல் மிஞ்சுவதைத்தான் கடனுக்குக் கொடுக்கலாம்.

இப்படிப்பட்ட நிலையில் பாதியை அடைப்பதே பலருக்கும் பொருந்துகிற வழி. ஆனால் இங்கேதான் இன்னொரு தவறு காத்திருக்கிறது. 5 லட்சம் கட்டினால், பல வங்கிகள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் தவணைத் தொகையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடும். 20,758 தவணையே 27 மாதத்தில் முடியும். வட்டி மிச்சம் அதிகம். வேலையில் இருப்பவருக்கு அது நல்லதுதான். ஓய்வுபெற்றவருக்கு அப்படி இருக்காது. மிஞ்சிய 8 லட்சத்தின் வட்டி 4,667, பென்ஷன் 40,000, சேர்த்து 44,667. செலவு 32,000-உம் தவணை 20,758-உம் போனால் மாதம் 8,091 பற்றாக்குறை. அவசரத்துக்கென வைத்திருந்த பணத்திலிருந்து 27 மாதத்தில் 2 லட்சத்துக்கு மேல் கரையும்.

அதற்குப் பதிலாகக் காலத்தை 60 மாதமாகவே வைத்துத் தவணையைக் குறைக்கச் சொன்னால், தவணை 10,379 ஆகும். மாதம் 2,288 மிச்சம், 8 லட்சம் அப்படியே இருக்கும். இதற்கு விலையும் உண்டு: மொத்த வட்டி முந்தைய வழியைவிட ஏறக்குறைய 69,000 அதிகம். ஆனாலும் வருமானம் இனி கூடாத ஒருவருக்கு அந்தத் தொகை நியாயமான விலைதான் என்று நினைக்கிறேன். பணம் கட்டும்போதே "தவணையைக் குறைக்கவும், காலம் மாற வேண்டாம்" என்று எழுத்தில் கொடுங்கள். புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் கையில் பணம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கட்டிக்கொள்ளலாம்.

"இன்னும் ஒரு வருடத் தவணைதானே, வட்டியெல்லாம் போயாச்சு, இப்போது அடைத்து என்ன பயன்" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. வட்டி வீதம் கடைசி மாதம் வரை 9 சதவீதம்தான், அது குறையாது. ஆனால் 12 தவணை மிச்சம் இருக்கும்போது பாக்கி 2.37 லட்சம், இனி கட்ட வேண்டிய வட்டி மொத்தம் 11,730. அந்தச் சிறிய தொகைக்காக அவசரப் பணத்தைக் கரைக்க வேண்டாம். வேறு கடன் இருந்தால் முதலில் அதிக வட்டிக் கடனை அடைக்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு வீட்டுக் கடனை அடைப்பது எந்தக் கணக்கிலும் தேறாது.

பணத்தை எடுக்கும் வழியிலும் கவனம் வேண்டும். முதிர்வுக்கு முன் டெபாசிட்டை உடைத்தால் வட்டி குறையும். ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து பெரிய தொகையை ஒரே வருடத்தில் எடுத்தால், நாட்டின் விதியைப் பொறுத்து, அந்த வருட வரி வீதமே ஏறிவிடலாம். இரண்டு வரி ஆண்டுகளாகப் பிரித்து எடுத்தால் பலமுறை அது தவிர்க்கப்படும். முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு எடுத்திருந்தால், கடன் முடியும்போது அதற்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டும்; சில பாலிசிகளில் மீதிக் காலத்துக்கான பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தவணையைத் தொடர முடிவு செய்பவருக்கு இது இன்னும் முக்கியம். கடனாளி இறந்தால் காப்பீடு பாக்கியை அடைக்குமா, அல்லது துணைவர் பாதிப் பென்ஷனில் முழுத் தவணையைக் கட்ட வேண்டுமா என்பது தெரியாமல் தொடரக் கூடாது.

முழுதாக அடைப்பவர்கள், அடைக்கும் தேதிக்கான பாக்கித் தொகையை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். அன்றைய நாள் வரையிலான வட்டியும் அதில் சேர்ந்திருக்கும். பழைய அறிக்கையைப் பார்த்துக் கட்டினால் சில நூறு பாக்கி நின்று, கணக்கு மூடாமலே இருந்துவிடும். கட்டியதும் கடன் தீர்ந்ததற்கான சான்றிதழ், அசல் பத்திரங்கள், சொத்தின் மீதான அடமானப் பதிவு நீக்கம் மூன்றையும் பெற வேண்டும். கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் உத்தரவை ரத்து செய்துவிட்டு, அடுத்த மாதம் தவணை தேதியன்று கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.