பழைய மஞ்சள் விலையை வேபேக் மெஷினில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டு மஞ்சள் விலையைத் தினமும் போட்டுவந்த தளம் ஒன்று முடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோபிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு, 2023 மார்ச் 10 அன்று விரலி என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தாக வேண்டும். பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினின் முகவரி web.archive.org. அந்தத் தளத்தின் முகவரியை அதில் போட்டால், நகல் எடுத்த நாட்களைக் காட்டும் நாள்காட்டி வரும்; நாளைத் தொட்டால் நகல் வந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான்.

முதல் தவறு, பக்கத்தின் தலையில் இருக்கும் தேதியை நம்புவது. பல தளங்களில் அந்தத் தேதியை உங்கள் பிரவுசரே அந்த நேரத்தில் எழுதுகிறது. பழைய நகலைத் திறந்தாலும் இன்றைய தேதிதான் தெரியும். கீழே இருப்பதோ பழைய விலை. நகலின் உண்மையான நேரம் முகவரியில் இருக்கிறது:

```
https://web.archive.org/web/20230309210512/http://example.com/rate
```

நடுவில் உள்ள 14 இலக்கங்களை ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று படிக்க வேண்டும். இது யூடிசி நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டணும். அப்போது இது மார்ச் 9 அல்ல, 10-ஆம் தேதி விடிகாலை 2.35. அந்த நேரத்தில் 10-ஆம் தேதி ஏலமே தொடங்கியிருக்காது. ஆக, இதில் இருப்பது அதற்கு முந்தைய ஏலத்தின் விலை. நமக்கு வேண்டியது 10-ஆம் தேதி ஏலம் முடிந்து, விலையைத் தளத்தில் ஏற்றிய பிறகு எடுத்த நகல்.

அடுத்தது, நகலுக்குள் இருக்கும் இணைப்பைச் சொடுக்கிவிட்டு முகவரியைத் திரும்பப் பார்க்காமல் விடுவது. 'கிழங்கு விலை' என்பதைச் சொடுக்கினால், அதே நேரத்து நகல் இல்லாதபோது கிடைப்பதில் கிட்டத்தில் உள்ளதை வேபேக் மெஷின் காட்டும். அந்தக் கிட்டம் சில மாதங்கள் தள்ளியும் இருக்கலாம். விரலி மார்ச்சிலும் கிழங்கு ஆகஸ்டிலுமாக ஒரே தாளில் எழுதிக்கொண்டால் கணக்கு கெட்டது. ஒவ்வொரு சொடுக்குக்கும் அந்த 14 இலக்கங்களைப் பாருங்கள்.

இன்னும் நுணுக்கமான ஒன்று: விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருந்தால், பக்கம் ஒரு நாளிலும் படம் வேறு நாளிலும் சேமிக்கப்பட்டிருக்கலாம். தினமும் ஒரே பெயரில் படத்தை மாற்றும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். மேலே உள்ள பட்டையில் About this capture என்பதைத் திறந்தால், பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு முன்பின் என்று பட்டியல் வரும். படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கித் தனியாகத் திறந்தாலும் அதன் நேரம் முகவரியில் தெரிந்துவிடும்.

நாள்காட்டியில் ஆரஞ்சு, சிவப்புப் புள்ளிகளைத் தொட்டு நேரத்தைப் போக்க வேண்டாம். அவை பிழைப் பக்கங்கள். நீலம்தான் சரியாகச் சேமித்தது.

வியாபாரிக்கு அனுப்பும்போது web.archive.org-இல் தொடங்கும் முழு முகவரியையும் அனுப்புங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த எண்கள் வெட்டுப்பட்டுப் போனால், அது எந்த நாள் விலை என்று அவரால் சரிபார்க்க முடியாது.