ஐந்து லிட்டர் செக்கு எண்ணெயைக் காறாமல் வைத்துக்கொள்வது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் எண்ணெயைச் செக்கில் மொத்தமாக வாங்கி வைப்பார்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வாங்கி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக வைத்து, அதிலிருந்தே தினமும் ஊற்றிக்கொள்வது வழக்கம். முதல் மாதம் மணக்கும் கடலை எண்ணெய், இரண்டாவது மாதம் தாளிக்கும்போதே பழைய முறுக்கு வாடை அடிக்கும். எண்ணெயில் கலப்படம் என்று செக்குக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் காரணம் கேனுக்குள் இருக்கும் காற்றுதான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். எண்ணெய் என்பது நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகளால் ஆனது. சில சங்கிலிகளில் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும். அதற்குப் பக்கத்தில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய மூலக்கூறு பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். அங்கேயும் ஆக்சிஜன் ஒட்டும். இப்படியே ஒன்று அடுத்ததைக் கெடுத்துக்கொண்டு போகும்.

இதில் முதலில் உண்டாகும் பெராக்சைடுக்கு வாடை கிடையாது. அது பிறகு உடைந்து ஆல்டிஹைடு போன்ற சிறு மூலக்கூறுகளாக மாறும்போதுதான் சிக்கு வாடையும் தொண்டைக் காறலும் வரும். எண்ணெயில் இயற்கையாக உள்ள வைட்டமின் ஈ தீரும்வரை கெடுதல் மெதுவாக நடக்கும். தீர்ந்தபின் வேகம் பிடிக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த எண்ணெய் திடீரென்று கெட்டதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

வெளிச்சம் இதை வேகப்படுத்தும். விதையிலிருந்து துளியளவு வரும் பச்சையம் போன்ற நிறமிகள் ஒளியை வாங்கி, ஆக்சிஜனை இன்னும் துடிப்பான வடிவத்துக்கு மாற்றிவிடும். அந்த வடிவம் ஹைட்ரஜன் கழலும்வரை காத்திருக்காமல் நேராக இரட்டைப் பிணைப்பிலேயே பாயும். வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சுமார் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நம்ம ஊர் சித்திரை வெயிலில், அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில், நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மாதம் இரண்டரை லிட்டர் செலவாகும் வீடு என்று வைப்போம். ஒரு மாதம் கழித்துக் கேனில் பாதி எண்ணெய், பாதி காற்று. இரண்டரை லிட்டர் காற்றில் ஏறக்குறைய அரை லிட்டர் ஆக்சிஜன்; எடை 0.65 கிராம் இருக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் செக்கு எண்ணெய்க்கு வைத்திருக்கும் பெராக்சைடு எல்லையைத் தொட, கிலோவுக்கு 0.24 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தாலே போதும். மிச்சமிருக்கும் எண்ணெய் 2.3 கிலோ, அதற்கு 0.55 கிராம். அதாவது அந்த ஒரு தடவைக் காற்றே போதுமானது. நாமோ மூடியைத் தினமும் திறந்து புதுக் காற்றை விடுகிறோம்.

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம்.

படி 1: மண்டியை அடியில் தங்க விடுங்கள். ஆட்டிய எண்ணெயில் பிண்ணாக்குத் தூளும் ஈரமும் கொஞ்சம் இருக்கும். இரண்டும் எண்ணெயைக் கெடுக்கும். அசைக்காமல் மூன்று நான்கு நாள் நிழலில் வைத்துவிட்டு, மேலாகத் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். வாயில் துணி கட்டி வெயிலில் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஈரம் போவதற்கு அது உதவும், தப்பில்லை. ஆனால் எவர்சில்வர் தூக்குவாளியில் ஒன்றிரண்டு நாள் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜாடியில் வைத்தால் ஈரத்தைப் போக்கப் போய் வெளிச்சத்தை உள்ளே விட்டதாகிவிடும்.

படி 2: ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி நல்லது, பழுப்புக் கண்ணாடி இன்னும் நல்லது. பழைய பாட்டில் என்றால் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய்ப் படலம் ஏற்கனவே கெட்டது. அது புது எண்ணெயிலும் அந்த வேலையைத் தொடங்கி வைத்துவிடும். கழுவியபின் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துக் காயவைக்கவேண்டும். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டாம். செம்பும் இரும்பும் மிகச் சிறிய அளவில் கலந்தாலே பெராக்சைடை உடைத்து வேலையை வேகப்படுத்தும்.

படி 3: கழுத்துவரை நிரப்புங்கள். முழுக்கத் ததும்ப வேண்டாம். வெயில் ஏறும்போது எண்ணெய் விரியும். 10 டிகிரிக்கு லிட்டருக்கு ஏழு மில்லி போல. அதனால் கழுத்தில் ஒரு விரற்கடை விட்டு, இறுக மூடுங்கள். இப்போது நான்கு பாட்டில்களுக்குள் காற்றே அவ்வளவாக இல்லை. ஐந்தாவது மட்டும் உபயோகத்தில் இருக்கும். அதிலும் எண்ணெய் குறையக் குறையக் காற்று ஏறத்தான் செய்யும், ஆனால் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

படி 4: இருட்டில் வையுங்கள். மூடிய அலமாரியின் கீழ்த்தட்டு போதும். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு கூடவே கூடாது. பாட்டில் நிறமற்றதாக இருந்தால் பழுப்புத் தாள் சுற்றிவிடுங்கள். ஃப்ரிட்ஜிலும் வைக்கலாம்; கலங்கினாலும் உறைந்தாலும் எண்ணெய் கெடாது. வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் பிடிக்கும்.

படி 5: தினசரி எண்ணெய்த் தூக்கைச் சின்னதாக வையுங்கள். கால் லிட்டர் போதும். காலியாக ஆக மேலே மேலே ஊற்றாமல், தீர்ந்ததும் கழுவித் துடைத்துக் காயவைத்துவிட்டு நிரப்புங்கள். பலர் வீட்டில் எண்ணெய் கெடுவது இந்தத் தூக்கில்தான். அடியில் கிடக்கும் பழசு எப்போதுமே காலியாவதில்லை. வடை சுட்ட எண்ணெயை இதில் திரும்ப ஊற்றவே கூடாது.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் காறாது. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு, அதனால் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். ஈரம்தான் அதற்குப் பகை. தண்ணீர் பட்டால் சோப்புச் சுவை வரும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு நிறைய இருந்தும் எள்ளுக்கே உரிய காப்புப் பொருள்கள் அதைக் காக்கின்றன. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் அதைச் சின்ன பாட்டிலாகவே வாங்குவது மேல்.

கெட்டதா என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள். “பளபளன்னு நல்லாத்தானே இருக்கு” என்று என் மதினி சொல்லும் எண்ணெய்கூடக் காறியிருக்கும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் போலவோ, நாள்பட்ட மிக்சர் போலவோ வாடை வந்தால் கெட்டது. சந்தேகமாக இருந்தால், புதிதாக வாங்கியதை மறு கையில் தேய்த்து ஒப்பிடுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் தொண்டையில் கரகரக்கும். கேன் கழுத்தில் பிசின் போல ஒட்டிக்கொண்டிருப்பதும் ஓர் அடையாளம். அடியில் தங்கிய மண்டியும் மார்கழிக் குளிரில் வரும் கலங்கலும் காறல் இல்லை.

லேசாகக் காறியதைப் புது எண்ணெயில் கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். புதியதும் சேர்ந்து கெடும். காய்ச்சினால் வாடையில் கொஞ்சம் ஆவியாகப் போகும், அதை நம்பி முறுக்கு சுட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. முறுக்கின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி நிற்பதால், காற்றுக்கு அதைவிட வசதியான இடமில்லை. அந்த எண்ணெயை விளக்குக்கு ஒதுக்கிவிடுங்கள்.