பயிற்சிக்கான நிதியை மேலாளரிடம் கேட்பது எப்படி: குழுவின் ஓர் அளவீட்டிலிருந்து தொடங்கும் முறை

பயிற்சி வகுப்புக்கு நிதி கேட்கும் பெரும்பாலான கடிதங்கள் வகுப்பின் பெயரில் தொடங்கி, பாடத்திட்டத்தை விவரித்து, "இது என் திறனை வளர்க்கும்" என்று முடிகின்றன. அவற்றைப் படிக்கும் மேலாளர் தன் மேலதிகாரியிடம் இந்தச் செலவை வேறு விதமாக விளக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குழு பொறுப்பேற்றிருக்கும் எந்த எண் இதனால் மாறும் என்பதே அங்கே கேட்கப்படும். ஆகவே, அந்த எண்ணைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கி வகுப்புக்கு வந்து சேரும் முறையை இங்கே ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஐந்து பேர் கொண்ட வாடிக்கையாளர் உதவிக் குழுவை எடுத்துக்கொள்வோம். அந்தக் குழுவில் ஒருவர், தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்கப் பயன்படும் எஸ்.க்யூ.எல். மொழியைக் கற்க விரும்புகிறார். வரும் எண்கள் அனைத்தும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. உங்கள் எண்களை நீங்களே எண்ணி எடுக்க வேண்டும்.

படி 1: ஒரே ஓர் அளவீட்டைத் தேர்ந்தெடுங்கள்

பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் பார்க்கும் முறை ஒன்றை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்தார். கற்றவருக்கு வகுப்பு பிடித்ததா, அவர் கற்றுக்கொண்டாரா, வேலையில் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் விளைவு மாறியதா என்பவையே அந்த நான்கு நிலைகள். நிதி கேட்கும் கடிதங்கள் வழக்கமாக முதல் இரண்டு நிலைகளோடு நின்றுவிடுகின்றன. மேலாளர் பணம் ஒதுக்குவதோ நான்காவது நிலைக்காக. மூன்றாவது நிலையைத் தாண்டாமல் நான்காவதை அடைய முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மூன்றாம் படியில் இதன் தேவை புரியும்.

வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண் போன்ற பெரிய அளவீட்டைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அதைத் தவிர்ப்பது நல்லது. விலை, மென்பொருளின் தரம், விடுமுறைக்காலக் கூட்டம் என்று பல காரணங்கள் அதை அசைப்பதால், அது உயர்ந்தாலும் உங்கள் பயிற்சியால்தான் உயர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கையால் தொடக்கூடியதும், மேலாளர் ஏற்கெனவே கவனித்து வருவதுமான குறுகிய அளவீடுதான் வேண்டும். நம் குழுவில், உதவிக் குழுவால் முடிக்க முடியாமல் நிரலாளர்களுக்கு அனுப்பப்படும் டிக்கெட்டுகளின், அதாவது வாடிக்கையாளர்களின் உதவிக் கோரிக்கைகளின், விகிதம் அத்தகையது. மாதம் 240 டிக்கெட்டுகள் வருகின்றன, அவற்றில் 60, அதாவது 25 சதவீதம், நிரலாளர்களுக்குப் போகின்றன.

எண்ணிக்கையைவிட விகிதத்தைக் குறிப்பது ஏன் என்றால், அடுத்த காலாண்டில் மொத்த டிக்கெட்டுகள் கூடிவிட்டால், உங்கள் வேலை மேம்பட்டிருந்தும் எண்ணிக்கை குறையாமல் போகலாம்.

படி 2: உண்மையான வேலைப் பதிவுகளைப் படித்து எண்ணுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மொத்த வேண்டுகோளின் வலுவும் இங்கேதான் பிறக்கிறது.

கடந்த மூன்று மாதங்களில் நிரலாளர்களுக்கு அனுப்பப்பட்ட 180 டிக்கெட்டுகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் நிரலாளர் இறுதியில் என்ன செய்தார் என்று பாருங்கள். நிரலைத் திருத்தினாரா, அமைப்பை மாற்றினாரா, அல்லது தரவுத்தளத்தில் ஒரு விவரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாரா? மூன்றாவது வகை மட்டுமே உங்கள் வகுப்பால் குறையக்கூடியது. ஐயமுள்ளவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் எடுத்துக்காட்டில் அப்படிப்பட்டவை 108, அதாவது மாதத்துக்கு 36. ஒரு தேடலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிரலாளர்கள் இருவரிடம் கேட்டால் ஏறத்தாழ 25 நிமிடம் என்கிறார்கள். ஆக, மாதம் 15 மணி நேரம் இதில் செலவாகிறது.

இந்த 108ஐயும் மேலும் ஒரு முறை வகை பிரியுங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியாக இருந்தால், உதாரணமாக "இந்தக் கணக்கு எப்போது முடக்கப்பட்டது" என்பதே 80 முறை வந்திருந்தால், குழுவுக்குத் தேவையானது வகுப்பு அல்ல, அந்த விவரத்தைக் காட்டும் ஒரு திரைதான். அதை நிரலாளர்களிடம் கேட்பது மலிவானது, ஐந்து பேருக்கும் உடனே பயன்படுவது. அப்படிப்பட்ட முடிவு கிடைத்தால் வேண்டுகோளைக் கைவிட்டு அந்தத் திரையைக் கேட்பதே நேர்மையானது. நம் குழுவில் ஒரே மாதிரியான மிகப்பெரிய வகை 19 மட்டுமே, மற்றவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. பலவகைத் தேடல்களுக்குத்தான் மொழியைக் கற்பது பொருந்தும்.

படி 3: வகுப்புக்கும் விளைவுக்கும் இடையே உள்ள தடையை நீக்குங்கள்

வகுப்பு முடிந்தும் எதுவும் மாறாத இடங்களில், பெரும்பாலும் குறை கற்றவரிடம் இருப்பதில்லை. கற்றதைப் பயன்படுத்த அவருக்கு அனுமதியோ நேரமோ கிடைத்திருக்காது. நம் எடுத்துக்காட்டில் உதவிக் குழுவினருக்குத் தரவுத்தளத்தைப் பார்க்கவே உரிமை இல்லை. அந்த உரிமை இல்லாமல் வகுப்புக்குச் சென்றால், சான்றிதழ் வரும், டிக்கெட்டுகள் முன்போலவே நிரலாளர்களுக்குப் போகும்.

ஆகவே, வகுப்பைக் கேட்பதற்கு முன்பே நிரலாளர் குழுவின் தலைவரிடம் பேசுங்கள். மாற்றம் எதுவும் செய்ய முடியாத, பார்வையிட மட்டுமான உரிமையை, நேரடித் தரவுத்தளத்தின் நகல் ஒன்றில் தர முடியுமா என்று கேளுங்கள். நகலில் தேடினால், தவறாக எழுதிய கனமான தேடல் வாடிக்கையாளர்களின் சேவையை மெதுவாக்காது. தனிப்பட்ட விவரங்கள் உள்ள பகுதிகளை மறைத்துத்தான் தருவோம் என்று அவர் சொன்னால், அந்தப் பகுதிகள் தேவைப்படும் டிக்கெட்டுகளை உங்கள் 108இலிருந்து கழித்துவிடுங்கள். மாதம் 15 மணி நேரத்தைத் திரும்பப் பெறப்போகிறவர் அவர்தான் என்பதால், உங்கள் வேண்டுகோளுக்கு அவர் ஆதரவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 4: செலவையும் பலனையும் ஒரே அலகில் எழுதுங்கள்

மணி நேரத்தை அலகாகக் கொள்வது எளிது. வகுப்புக்கு 24 மணி நேரம், பின்னர் பொதுவான தேடல்களை எழுதிச் சேமித்துச் சக ஊழியர் ஒருவருக்குக் கற்பிக்க 6 மணி நேரம். கட்டணம் உங்கள் 30 மணி நேர ஊதியச் செலவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு நிறுவனம் கொள்ளும் மதிப்பு தெரியாவிட்டால் மேலாளரிடமே கேட்கலாம். ஊகித்து எழுத வேண்டாம்.

பலன் பக்கத்தில் 15 மணி நேரத்தையும் எழுதிவிடாதீர்கள். கற்றவர் ஒருவர்தான், அவருக்கு விடுப்பு உண்டு, சில தேடல்கள் புதியவருக்குக் கடினமானவை. எனவே பாதியை, அதாவது மாதம் 18 டிக்கெட்டுகளை, 7.5 மணி நேரத்தை மட்டும் கோருங்கள்.

```
60 ÷ 7.5 = 8 மாதங்கள்
```

கூர்மையான மேலாளர் ஒருவர், "தேடலை நீங்கள் செய்யும்போது உங்கள் நேரம் செலவாகாதா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இப்போது டிக்கெட்டை நிரலாளருக்கு விளக்கி எழுதவும், பதில் வந்ததும் மீண்டும் படித்துப் புரிந்துகொள்ளவும் ஆகும் நேரத்தைச் சில டிக்கெட்டுகளில் அளந்து பாருங்கள். அது தேடலுக்கு ஆகும் நேரத்தை ஒத்திருந்தால் இரு பக்கமும் விட்டுவிடலாம். தேடலுக்கு அதிகம் ஆகுமானால் அந்த வேறுபாட்டைப் பலனிலிருந்து கழிக்க வேண்டும்.

மிச்சமாகும் நேரம் நிறுவனத்தின் கையில் பணமாக வந்து சேர்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நேரம் எதற்குப் போகும் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். அதோடு, அனுப்பப்பட்ட டிக்கெட்டுகளுக்காக வாடிக்கையாளர் இரண்டு நாள் காத்திருக்கிறார் என்றால், அந்தக் காத்திருப்பு குறைவதை மணிக்கணக்கில் கலக்காமல் தனியாகக் குறிப்பிடுங்கள்.

படி 5: கடிதத்தை எழுதுங்கள்

முதல் வாக்கியத்தில் குழுவின் சிக்கல் வர வேண்டும், வகுப்பின் பெயர் அதற்குப் பின்புதான் வர வேண்டும். மாதிரி ஒன்று:

> வணக்கம்.
>
> கடந்த மூன்று மாதங்களில் நம் குழு நிரலாளர்களுக்கு அனுப்பிய 180 டிக்கெட்டுகளைப் படித்துப் பார்த்தேன். அவற்றில் 108, தரவுத்தளத்தில் ஒரு விவரத்தைத் தேடி எடுத்ததோடு முடிந்தவை. இதனால் நிரலாளர்களுக்கு மாதம் சுமார் 15 மணி நேரமும், வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாளும் ஆகின்றன.
>
> எஸ்.க்யூ.எல். அடிப்படை வகுப்பு ஒன்றை முடித்தால் இவற்றில் பாதியை நானே முடிக்க முடியும் என்று மதிப்பிடுகிறேன். நகல் தரவுத்தளத்தில் பார்வையிடும் உரிமை தர நிரலாளர் குழுத் தலைவர் இசைந்துள்ளார். கட்டணம், வகுப்பு நேரம், கற்பிக்கும் நேரம் அனைத்தையும் சேர்த்தால் 60 மணி நேரத்துக்குச் சமமான செலவு. ஏறத்தாழ எட்டு மாதங்களில் ஈடாகும். கணக்கை இணைத்துள்ளேன்.
>
> வகுப்பு முடிந்த மூன்றாம் மாத இறுதியில், அனுப்பப்படும் டிக்கெட்டுகளின் விகிதம் 25 சதவீதத்திலிருந்து 17.5 சதவீதமாகக் குறைந்ததா என்று தங்களிடம் தெரிவிப்பேன். இந்த வாரம் 20 நிமிடம் இது குறித்துப் பேச இயலுமா?

அந்த 17.5 எங்கிருந்து வந்தது என்றால், 60இல் 18 குறைந்தால் 42. 240இல் 42 என்பது 17.5 சதவீதம். கடிதத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் இப்படி ஒரே மூச்சில் விளக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: உரையாடலும் மறுப்பும்

"இலவச வகுப்புகள் இருக்கின்றனவே" என்பது அடிக்கடி வரும் கேள்வி. கட்டண வகுப்பில் பயிற்சிகளைத் திருத்தித் தருகிறார்கள், முடிக்கும் தேதி நிலையாக இருக்கிறது என்பவை உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் சொல்லுங்கள். தேவையில்லை என்றால், பணத்தை விட்டுவிட்டு, இலவச வகுப்புக்கு அலுவல் நேரத்தில் 24 மணி நேரம் மட்டும் கேளுங்கள். என் பார்வையில், தொடக்கநிலைப் பாடங்களுக்கு இது பல நேரங்களில் சிறந்த வழி. "கற்றபின் நீங்கள் விலகிவிட்டால்?" என்ற கேள்விக்குப் பதில், சேமித்து வைக்கும் தேடல்களும் கற்பிக்கப்படும் சக ஊழியரும். சில நிறுவனங்கள், குறிப்பிட்ட காலம் பணியில் இருப்பதாக எழுதிக் கேட்கும். கையெழுத்திடும் முன், இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை மாதந்தோறும் குறையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு வந்தால் அதன் வகையைக் கேட்டு அறியுங்கள். பயிற்சிக்கான நிதி ஒதுக்கீட்டில் பணமே இல்லை என்றால், அடுத்த நிதியாண்டுக்கான திட்டம் எப்போது தயாராகிறது என்று கேட்டு, அதற்கு முன்பே கடிதத்தைப் புதுப்பித்துக் கொடுங்கள். எண்ணை நம்பவில்லை என்றால், எந்த 20 டிக்கெட்டுகளை வேண்டுமானாலும் அவரே எடுத்து வகை பிரித்துப் பார்க்கும்படி பதிவுகளைக் கொடுத்துவிடுங்கள். நேரம் பொருந்தவில்லை என்றால், வேலைச்சுமை குறையும் மாதத்தை அவரையே குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஒப்புதல் கிடைத்தால், வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய மாதத்தின் விகிதத்தைத் தேதியோடு குறித்து வைத்துவிட்டு, பார்வையிடும் உரிமைக்கான கோரிக்கையை அன்றே பதிவு செய்யுங்கள். வகுப்பு முடியும் நாளில் அந்த உரிமை கையில் இருக்க வேண்டும்.