மனதுக்குள் இருந்ததை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எப்படி? விர்சா சிங் வழக்கை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஒருவர் தாக்கப்பட்டு இறந்துவிட்டார், தாக்கியவர் யார் என்பதும் தெரியும். ஆனாலும் அது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா என்ற கேள்வி மிஞ்சும். தாக்கியவரின் உள்நோக்கமும், விளைவைப் பற்றி அவருக்கிருந்த அறிவுமே அதைத் தீர்மானிக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவரான எதிரி வாயைத் திறக்காவிட்டாலும் செயலையும் சூழ்நிலையையும் வைத்து இவற்றை ஊகிக்கலாம். எந்த வரிசையில் என்பதை உச்ச நீதிமன்றம் 1958-இல் விர்சா சிங் வழக்கில் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி விவியன் போஸ்.

பஞ்சாபில் 1955 ஜூலை 13 இரவு விர்சா சிங், கெம் சிங் என்பவரின் வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு முறை குத்தினார். குடல் வெளியே வந்தது. மறுநாள் மாலை கெம் சிங் இறந்தார். அந்த ஒரு குத்தை மட்டும் வைத்து, கொல்லும் எண்ணம் இருந்தது என்று சொல்ல முடியுமா?

முதல் படி, உடலில் காயம் இருந்ததைக் காட்டுவது. போஸ்ட்மார்ட்டம் சான்றிதழும் மருத்துவரின் சாட்சியமும் போதும். இரண்டாவது படி, காயத்தின் தன்மை. எந்த இடம், எவ்வளவு ஆழம், உள்ளே எது அறுபட்டது என்பதெல்லாம் பதிவாக வேண்டும்.

மூன்றாவது படிதான் வழக்கின் உயிர். அந்தக் காயத்தை ஏற்படுத்தவே அவர் எண்ணினாரா? அது தற்செயலாகவோ, வேறொரு காயத்தை எண்ணியபோதோ நேர்ந்ததல்ல என்று தெரிய வேண்டும். லேசாகக் கீற நினைத்தபோது எதிரே இருந்தவர் தடுக்கி ஈட்டியின் மேலேயே விழுந்திருந்தால் அது கொலையாகாது என்று தீர்ப்பே சொல்கிறது. விர்சா சிங் வழக்கில் அப்படி எந்தச் சூழ்நிலையும் சாட்சியத்தில் இல்லை. குடல் வெளியே வருமளவு பலத்தோடு குத்தியவர், அந்தக் குத்தைத்தான் எண்ணினார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

நான்காவது படி, அந்தக் காயம் இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா என்பது. இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் குழம்புகிறார்கள். காயம் உயிரைப் பறிக்கும் என்று எதிரிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காயத்தை எண்ணினாரா என்பது அவர் மனதைப் பற்றிய கேள்வி; அது சாவுக்குப் போதுமானதா என்பது மருத்துவம் பதில் சொல்லும் கேள்வி. கொலைக் குற்றத்துக்காக விர்சா சிங் பெற்ற தண்டனை, கொலையை வரையறுக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் இதைச் சொல்லும் மூன்றாவது பகுதியின் அடிப்படையில்தான் உறுதியானது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இப்போது 101-ஆம் பிரிவில் இருக்கிறது.

நடைமுறையில் வழக்கு சரிவது பெரும்பாலும் இந்த நான்காம் படியில்தான். “காயங்களால் இறந்தார்” என்று மட்டும் மருத்துவர் சொல்லியிருப்பார். “இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா?” என்று அரசுத் தரப்பு கேட்டே இருக்காது. கைப்பற்றிய ஆயுதத்தை அவரிடம் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்பட்டிருக்குமா என்று கேட்பதும் விட்டுப்போகும். மருத்துவரை அரசுத் தரப்பு முதலில் விசாரிக்கும்போதே இந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்பட வேண்டும்.

இப்போது வேறொரு கற்பனைச் சம்பவம். டீக்கடையில் திடீர் வாய்த்தகராறு. முன்விரோதம் இல்லை. ஒருவர் அங்கே கிடந்த விறகுக்கட்டையை எடுத்து ஒரே அடி அடிக்கிறார். அடி தலையில் பட்டு, அடிபட்டவர் சில நாள் கழித்து இறக்கிறார். ஆயுதம் கொண்டுவரப்பட்டதா, அங்கேயே எடுக்கப்பட்டதா? உயிர்நிலையான இடத்தைக் குறிவைத்ததா? எத்தனை அடி, எவ்வளவு பலம்? அடித்தபின் ஓடினாரா, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாரா? உள்நோக்கத்தை அளக்கும்போது நீதிமன்றம் பார்ப்பது இவற்றைத்தான். எதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. ஒரே அடி என்றாலே கொலையில்லை என்ற நம்பிக்கை தவறு. விர்சா சிங் குத்தியதும் ஒரே குத்துதான்.

இந்தச் சம்பவத்தில் கொல்லும் எண்ணமோ, அப்படிப்பட்ட காயத்தை உண்டாக்கும் எண்ணமோ நிரூபணமாகாமல் போகலாம். ஆனால் தலையில் கட்டையால் ஓங்கி அடித்தால் உயிர் போகக்கூடும் என்பது எவருக்கும் தெரியும். அந்த அறிவு மட்டும் நிரூபணமானால் 105-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி பொருந்தும்: பத்தாண்டு வரை சிறையும் அபராதமும். கொலையாகாத அதே குற்றத்தில் உள்நோக்கமும் நிரூபணமானால் முதல் பகுதி: ஆயுள் தண்டனை, அல்லது ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

குற்றத்துக்கான காரணத்தை உள்நோக்கத்தோடு குழப்பிவிடக் கூடாது. நிலத்தகராறு என்பது காரணம்; குத்த வேண்டும் என்று எண்ணியது உள்நோக்கம். நம்பத்தக்க நேரடிச் சாட்சி இருந்தால் காரணம் நிரூபணமாகாவிட்டாலும் வழக்கு நிற்கும். நேரில் பார்த்தவர் யாருமில்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பும் வழக்கில், காரணம் காட்டப்படாதது எதிரிக்குச் சாதகமாக எடைபோடும்.