‘சோறு இறங்கலையா, பாலையாவது குடிக்கட்டும்’: பாலிலிருந்து சோற்றுக்கு மாறும்போது நாம் செய்யும் தவறுகள்

மதுரையில் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளோடு வரும் அம்மாக்கள் மூன்று புகார்களைச் சொல்வார்கள். சோற்றை வாயில் வைத்தால் ஓங்கரிக்கிறான், வாயை இறுக மூடிக்கொள்கிறான், நாலு நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போகிறான். மூன்றையும் தனித்தனி நோயாக நினைத்து, பசிக்கு ஒரு டானிக், வாந்திக்கு ஒரு மருந்து, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து என்று பை நிறையக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் மூன்றும் ஒரே கயிற்றின் முடிச்சுகள்.

தேன், உப்பு, ஒரு வயதுக்கு முன் பசும்பால் பற்றியெல்லாம் தடுப்பூசி போடும் இடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சோற்றுக்குப் பதிலாகப் பால் பாட்டில்

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான். என் மூத்த மகளுக்கு நானே செய்த தவறு என்பதால் கோபம் இன்னும் கூடுதல். அப்போது நான் இந்த வேலைக்கு வரவில்லை. அவள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தலையைத் திருப்பினால், வயிறு காயக்கூடாதே என்று உடனே பாட்டிலை நீட்டுவேன். அவளும் கடகடவென்று குடித்துவிடுவாள். சோற்றைத் துப்பினால் பால் வரும் என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

சென்ற மாதம் ஒரு பையன் வந்தான். வயது இருபது மாதம், எடை 11 கிலோ. கொழுகொழுவென்று இருந்தான். “பாருங்க, நல்ல நிறம்” என்று அப்பத்தா பெருமையாகச் சொன்னார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. நிறம் என்று அவர் சொன்னது ரத்தசோகையின் வெளுப்பு. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 வந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது 11-க்குக் குறையக்கூடாது.

“என்ன சாப்பிடுறான்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான் மேடம். ஒரு இட்லி, ரெண்டு வாய் பருப்புச் சோறு. பால் மட்டும்தான் இறங்குது” என்றார் அம்மா.

எத்தனை பாட்டில் என்று எண்ணச் சொன்னேன். காலை எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியத் தூக்கத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி படுக்கையில் ஒன்று. ஒவ்வொன்றும் 240 மில்லி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. மொத்தம் 1,200 மில்லி. பாலிலிருந்து ஏறக்குறைய 720 கலோரி, சர்க்கரையிலிருந்து 200. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 1,010 கலோரி. மிச்சமிருப்பது 90 கலோரி. அந்த ஒரு இட்லியும் இரண்டு வாய்ச் சோறும் அந்த 90-க்குச் சரியாகப் போயிற்று. அவன் சாப்பாட்டை மறுக்கவில்லை. அவனுக்கு வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

வயிறு முட்டப் பால் இருக்கும்போது ஒரு கவளத்தைத் திணித்தால் ஓங்கரிப்பு சட்டென்று வாந்தியாகும். சோறு சேரவில்லை என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள்.

இரும்புச்சத்தைப் பாருங்கள். இந்த வயதுக்கு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும். 1,200 மில்லி பாலில் ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. போதாததற்குப் பாலில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். பசி மந்தமானால் மறுபடி பாட்டில். சில பிள்ளைகள் சுவர்ச் சுண்ணாம்பையும் மண்ணையும் தேடித் தின்பதும் இதனால்தான்.

அடுத்தது மலச்சிக்கல். பாலில் நார் கிடையாது. சக்கையில்லாத கொஞ்ச மலம் பெருங்குடலில் நாள்கணக்கில் தங்கும், அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிடும், கல்லுக் கல்லாக இறுகும். ஒரு நாள் அது வெளியே வரும்போது ஆசனவாயில் கீறல் விழுந்து வலிக்கும். குழந்தைக்கு அந்த ஒரு வலி போதும், அடுத்த தடவை அடக்க ஆரம்பித்துவிடும். கதவுக்குப் பின்னால் போய் நிற்கும், காலைப் பின்னிக்கொள்ளும், உடம்பை விறைப்பாக்கும், முகம் சிவக்கும். ‘பாவம், முக்குறான்’ என்று வீட்டில் சொல்வார்கள். அவன் முக்கவில்லை, அடக்குகிறான். அடக்க அடக்க மலக்குடல் விரிந்துகொடுத்து, நிறைந்த உணர்வே மழுங்கிப்போகும். கீழே அடைத்திருந்தால் மேலே பசிக்காது. சில பிள்ளைகளுக்கு அடைப்பைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனுக்கு முதலில் குடலைத்தான் சரிசெய்தோம். அடைப்பு இருக்கும்வரை எந்தச் சாப்பாட்டை மாற்றினாலும் ஏறாது. குழந்தை மருத்துவர் மலம் இளக்கும் சிரப்பும் இரும்புச் சொட்டு மருந்தும் எழுதினார். இரும்பு மருந்தைப் பாலோடு கொடுக்காதீர்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். பால் குடித்து இரண்டு மணி நேரமாவது ஆகட்டும்.

பாலை ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதல் வாரம் சர்க்கரையைப் பாதியாக்கினோம், மதியப் பாட்டிலை எடுத்தோம். தூக்கத்துக்கு அழுதான், மூன்று நாள். இரண்டாம் வாரம் பத்து மணிப் பாட்டிலின் இடத்தில் பப்பாளித் துண்டும் தண்ணீரும் வந்தன. ராத்திரிப் பாட்டிலில் இரண்டு நாளைக்கு ஒருதரம் 30 மில்லி குறைத்தோம். மூன்றாம் வாரம் பாட்டிலை வீட்டிலிருந்தே அகற்றி, காலையும் மாலையும் சாப்பிட்ட பிறகு டம்ளரில் 200 மில்லி. மொத்தம் 400. இந்த வயதுக்கு 500-க்கு மேல் வேண்டியதில்லை. டம்ளரில் கொடுத்தால் குழந்தை தானாகவே குறைவாகக் குடிக்கும். உறிஞ்சும் சுகம் அதில் இல்லை.

நாலாவது வாரம் காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு சிறு கிண்ணம் முருங்கைக்கீரைப் பருப்புச் சோறு, எலுமிச்சை இரண்டு சொட்டுப் பிழிந்து. அந்தப் புளிப்பு கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். முட்டையை இன்னும் துப்புகிறான். தினமும் ஒரு துண்டு தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஊட்டச் சொல்லவில்லை. புதுச் சுவை பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்டபின்தான் பல பிள்ளைகள் தொடுவார்கள்.

மலம் இளகியதும் மருந்தை நிறுத்துவது

ஒரு வாரம் நன்றாகப் போனதும் சிரப்பை நிறுத்திவிடுவார்கள். விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும், வலியின் பயம் மறையவும் அதே அளவு ஆகும். மருத்துவர் சொல்லும்வரை குறைக்க வேண்டாம்.

வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு

வேண்டாம். மலம் வரவேண்டும் என்று ஆசனவாயில் எதையாவது வைக்க வைக்க, குழந்தை இன்னும் இறுக்கி அடக்கும்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் அடிப்பது

ஓங்கரிப்பைக் கண்டு பயந்து, ஒன்றரை வயது வரை சோற்றைக் கூழாக்கிக் கொடுக்கிறார்கள். அந்த அனிச்சைச் செயலைத் தூண்டும் இடம் கைக்குழந்தைக்கு நாக்கின் முன்பக்கத்திலேயே இருக்கும். கட்டியான உணவு வாயில் பழகப் பழகத்தான் அது பின்னால் நகரும். பால் உறிஞ்சும்போது நாக்கு முன்னும் பின்னும் போகும். மெல்லும்போது உணவைப் பக்கவாட்டில் ஈறுக்குத் தள்ள வேண்டும். கூழில் அந்தப் பயிற்சிக்கு இடமே இல்லை. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஒன்பது மாதத்துக்குப் பிறகுதான் முதன்முதலில் கட்டியான உணவைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஏழு வயதிலும் சாப்பாட்டுத் தகராறு அதிகமாக இருந்தது.

தாமதமாகிவிட்டது என்றால் இப்போதே தொடங்கலாம், படிப்படியாக. முதலில் மிக்ஸியை விட்டு மத்தால் கடையுங்கள். பிறகு கையால் மசியுங்கள். பிறகு விரல் நீளத்துக்கு வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளி, இட்லித் துண்டு என்று அதன் கையிலேயே கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். நிறைய அம்மாக்கள் செய்வது தண்ணீராகக் கரைத்த சாம்பார் சாதத்தில் நாலு காய்த் துண்டு போடுவது. தண்ணீர் முன்னால் ஓட, துண்டு பின்னால் தங்க, புதிதாகப் பழகும் வாய்க்கு அதுதான் மிகக் கடினம். ஒரே சீரான மென்மையுள்ள இட்லி எவ்வளவோ சுலபம்.

ஓங்கரிக்கும்போது முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், சத்தம் வரும், நாக்கு வெளியே நீளும். பக்கத்தில் அமைதியாக இருந்தால் போதும், தானே வெளியே தள்ளிவிடும். வாய்க்குள் விரல் விட்டால் துண்டு உள்ளே போய்விடும். தொண்டையில் உண்மையிலேயே அடைத்துவிட்டால் சத்தம் வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். அதே நேரம் உதவிக்குக் குரல் கொடுங்கள், 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

நிலக்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை

நாலு வயது வரை முழுதாக வேண்டாம், தொண்டையில் அடைத்துவிடும். கடலையைப் பொடித்துக் கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

மூக்கைப் பிடித்து ஊட்டுவது

ஒருபோதும் கூடாது. முதல் வருடத்தில் மூன்று கிலோவிலிருந்து ஒன்பது கிலோ ஆன குழந்தை, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். பசி குறைவது அதனால்தான். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும்.

மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது

பாலைக் குறைத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாத குழந்தைகளும் உண்டு. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுகிற குழந்தை, எடை குறைகிற குழந்தை, பச்சையாக வாந்தி எடுக்கிற குழந்தை, வயிறு வீங்கி விறைத்திருக்கிற குழந்தை. பிறந்து முதல் மலமே இரண்டு நாள் கழித்துப் போனது, அல்லது பிறந்த மாதத்திலிருந்தே மலச்சிக்கல் என்றால் அதை முதல் வார்த்தையாக மருத்துவரிடம் சொல்லுங்கள். குடலின் நரம்பிலேயே பிறவிக் குறை இருக்கலாம். அதற்குக் கீரையும் பப்பாளியும் வைத்தியம் ஆகாது.