வேர்டில் தமிழ்ப் பத்தியை இரு ஓரமும் சீராக நிறுத்தும்போது நடுவில் விழும் ஓட்டைகளை அடைப்பது எப்படி?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். தான் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதி, ஏ4 தாளில் செய்தித்தாள் போல இரண்டு பத்தியாக வேர்டில் அமைத்து, அச்செடுத்துக் கொண்டுவந்தார். "தம்பி, எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பல்லு விழுந்த வாய் மாதிரி நடுவுல நடுவுல ஓட்டை தெரியுது பாருப்பா" என்றார். அவர் விரல் வைத்த வரியில் இரண்டே சொற்கள் இருந்தன. ஒன்று இடது ஓரத்தில், மற்றொன்று வலது ஓரத்தில். நடுவில் ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டரை சென்டிமீட்டர்.

அந்தக் கட்டுரையைச் சரிசெய்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். வேர்டில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும்.

ஓட்டை ஏன் விழுகிறது

`Ctrl+J` அழுத்தியதும் வேர்டு ஒவ்வொரு வரியிலும் எத்தனை சொல் முழுதாக அடங்கும் என்று பார்க்கிறது. அடுத்த சொல் அடங்காவிட்டால் அதை அப்படியே கீழ் வரிக்குத் தள்ளிவிட்டு, மேலே மீந்த இடத்தைச் சொல் இடைவெளிகளுக்குப் பங்கு போடுகிறது. வரியில் எட்டுச் சொல் இருந்தால் ஏழு இடைவெளி; பங்கு சிறியது, கண்ணுக்கே தெரியாது. இரண்டே சொல் என்றால் இடைவெளி ஒன்றுதான். மீந்தது முழுக்க அதன் தலையில் விழும்.

தமிழில் இது அடிக்கடி நடக்கும். வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நீள்வது நம் மொழியின் இயல்பு. டீச்சரின் வரி இது: "காலையில் எழும்பூருக்குப்". அதற்கு அடுத்து வரவேண்டிய சொல் "புறப்பட்டுக்கொண்டிருந்த". பதின்மூன்று எழுத்து. மேல் வரியில் ஏழெட்டு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. அதனால் சொல் கீழே போயிற்று, மேலே ஓட்டை விழுந்தது.

ஆகவே ஓட்டை தெரியும் வரியில் குற்றமில்லை. அதற்கு அடுத்த வரியின் முதல் சொல்லைப் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் ஓட்டை விழுந்த வரியிலேயே இடைவெளியைக் கூட்டிக் குறைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் பலன் இல்லை.

படி 1: மறைந்திருக்கும் குறிகளைப் பாருங்கள்

கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு `Ctrl+Shift+8` அழுத்துங்கள். Home பட்டையில் உள்ள ¶ பொத்தானும் இதே வேலையைச் செய்யும். இப்போது ஒவ்வொரு சொல் இடைவெளியும் ஒரு புள்ளியாகவும், பத்தி முடிவு ¶ என்றும், `Shift+Enter` அடித்த இடம் வளைந்த அம்புக்குறியாகவும் தெரியும்.

அந்த அம்புக்குறியைத்தான் முதலில் தேட வேண்டும். ¶ குறியோடு முடியும் கடைசி வரியை வேர்டு இழுக்காது. அம்புக்குறியோடு முடியும் வரியையோ, இரண்டு சொல்தான் இருந்தாலும், ஓரம் வரை இழுத்துவிடும். டீச்சர் கட்டுரையில் "எங்கள் தெரு" என்று முடிந்த வரி இப்படித்தான் பத்தியின் இரண்டு முனைக்கும் போய் நின்றது.

`Ctrl+H` அழுத்தி, Find what கட்டத்தில் `^l` (சிறிய எல்) என்றும், Replace with கட்டத்தில் ஒரு வெற்றிடமும் கொடுத்து Replace அழுத்துங்கள். அம்புக்குறி உண்மையிலேயே பத்தி முடியும் இடத்தில் இருந்தால் வெற்றிடத்துக்குப் பதில் `^p` கொடுங்கள். கட்டுரைக்குள் கவிதை வரிகள் இருந்தால் Replace All பக்கம் போகாதீர்கள். கவிதையின் வரி முறிவுகள் அப்படியே இருக்கட்டும். அந்தப் பகுதியை மட்டும் `Ctrl+L` கொடுத்து இடது ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த பத்தி என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு வரி முடிவிலும் ¶ நிற்கும். அதற்கு மூன்று மாற்றங்கள், இதே வரிசையில்:

```
^p^p  →  @@
^p    →  வெற்றிடம்
@@    →  ^p
```

பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி இருந்தால்தான் இது சரியாக வரும். இல்லையென்றால் எல்லாப் பத்தியும் ஒன்றாகிவிடும், உடனே `Ctrl+Z`.

கடைசியாக, இரண்டு வெற்றிடத்தை ஒரு வெற்றிடமாக மாற்றுங்கள். மாற்ற எதுவும் இல்லை என்று வேர்டு சொல்லும்வரை Replace All அழுத்துங்கள். இணையப் பக்கத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போன்ற குறி தெரியலாம். அது சொற்களைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும் வெற்றிடம். `^s` என்று தேடி, சாதாரண வெற்றிடமாக மாற்றுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். சொற்களுக்கு நடுவில் மட்டுமல்லாமல் எழுத்துக்கு எழுத்தும் விலகித் தெரிகிறதா? `Ctrl+J` அழுத்தும்போது விரல் தவறி `Ctrl+Shift+J` ஆகியிருக்கும். பத்தியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+J` மட்டும் மறுபடி கொடுங்கள்.

படி 2: பத்திக்கு அகலம் கொடுங்கள்

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 15.92. அதை இரண்டாகப் பிரித்து நடுவே 1.27 விட்டால் ஒரு பத்திக்கு ஏறக்குறைய 7.3 செ.மீ.தான். நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு இது நெருக்கடியான அகலம்.

Layout பட்டையில் Margins போய் இடது, வலது ஓரங்களை 2 செ.மீ. ஆக்கினோம். Columns, More Columns போய் நடு இடைவெளியை 0.8 ஆக்கினோம். பத்தி 8.1 செ.மீ. ஆயிற்று. எழுத்தளவை 12-இலிருந்து 11-க்குக் குறைத்தோம். இது மட்டுமே பாதிக்கு மேற்பட்ட ஓட்டைகளை அடைத்துவிட்டது. எழுத்துரு இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். லதா அகலமாக விரியும். விஜயா ஒடுங்கி நிற்கும், ஆனால் அதே அளவில் சிறியதாகத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் எல்லா வரியும் இடம் மாறும். ஆகவே அடுத்த படிக்குப் போனபின் அதைத் தொடக் கூடாது.

பத்தி 6 செ.மீ.க்கும் குறைவாகத்தான் கிடைக்கும் என்றால், என் கருத்தில் அங்கே இரு ஓரச் சீர்மையே வேண்டாம். `Ctrl+L` போதும். வலது ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வாசிக்கும் கண்ணுக்கு உறுத்தாது; நடுவில் விழும் ஓட்டைதான் உறுத்தும்.

படி 3: நீண்ட சொல்லுக்கு முறிவிடம் காட்டுங்கள்

Layout பட்டையில் Hyphenation, Automatic என்று ஒரு வசதி இருக்கிறது. போட்டுப் பாருங்கள். டீச்சரின் கணினியில் ஆங்கிலச் சொற்கள் உடைந்தன, தமிழ்ச் சொல் ஒன்றுகூட அசையவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் None-க்குத் திரும்பிவிடுங்கள். இனி கையால்தான் செய்ய வேண்டும்.

"புறப்பட்டுக்கொண்டிருந்த" என்ற சொல்லில் "க்" எழுத்துக்குப் பிறகு கர்சரை வைத்து `Ctrl` விசையோடு `-` அழுத்துங்கள். எண் வரிசையில் 0-க்குப் பக்கத்தில் உள்ள `-` அது. வலப்பக்க எண்பலகையில் உள்ளதை அழுத்தினால் நீண்ட கோடு விழுந்துவிடும். சரியாகச் செய்தால் "புறப்பட்டுக்-" மேல் வரிக்கு ஏறிக்கொள்ளும், "கொண்டிருந்த" கீழே நிற்கும். அந்த ஓட்டை அங்கேயே மூடிவிட்டது.

வெறும் `-` அடித்தாலும் இதேபோலத்தானே தெரிகிறது என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நாளை மேலே ஒரு சொல் சேர்த்தால் வரி நகர்ந்து, நடு வரியில் "புறப்பட்டுக்-கொண்டிருந்த" என்று கோடு நின்றுவிடும். `Ctrl` சேர்த்து அடித்தது வரிக்கடைசிக்கு வந்தால் மட்டுமே அச்சில் தெரியும், மற்ற இடங்களில் மறைந்துகொள்ளும். குறிகளைத் திறந்து வைத்திருந்தால் அது ¬ என்று தெரியும்.

தமிழ் இதழ்களில் வரிக்கடைசியில் கோடு போடாமலே சொல்லைப் பிரிக்கும் வழக்கம் உண்டு. அதே தோற்றம் வேண்டுமென்றால் Insert, Symbol, More Symbols போய் Special Characters பக்கத்தில் No-Width Optional Break என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடு விழாது, முறிவு மட்டும் நடக்கும். டீச்சர் இதைத்தான் விரும்பினார்.

எங்கே உடைப்பது என்பதில்தான் கவனம் தேவை. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது. "எழும்-பூருக்கு" சரி, "எழு-ம்பூருக்கு" தவறு. ஆய்த எழுத்துக்கும் இதே விதிதான். இதற்கு மேல், பொருள் பிரியும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. "மாம்பலத்தி-லிருந்து" என்பதை வாசிக்கையில் கண் தடுக்காது. "மா-ம்பலத்திலிருந்து" என்றால் விதியும் கெடும், ஓரெழுத்து மட்டும் தனியாக மேலே தொங்கும். இரு பக்கமும் குறைந்தது மூன்றெழுத்தாவது நிற்கட்டும்.

இந்த வேலையை மேலிருந்து கீழாகத்தான் செய்ய வேண்டும். ஒரு வரியைத் திருத்தினால் அதற்குக் கீழே பத்தி முடியும்வரை எல்லாம் நகரும். பிழை திருத்தம் முழுக்க முடிந்த பிறகே தொடங்குங்கள். நாங்கள் முதலில் அவசரப்பட்டு இரண்டு பக்கத்துக்கு முறிவு போட்டோம். அப்புறம் டீச்சருக்கு ஒரு பத்தியின் தொடக்கத்தில் விட்டுப்போன வாக்கியம் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி செய்தோம்.

பிரியக் கூடாதவை

"ரூ." ஒரு வரியிலும் "500" அடுத்த வரியிலும் போய் நின்றால், இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை அழித்துவிட்டு `Ctrl+Shift+Space` கொடுங்கள். இரண்டும் சேர்ந்தே நகரும். பெயரின் தலைப்பெழுத்துகளுக்கு இது வேண்டாம், "உ.வே.சா." என்று வெற்றிடமே இல்லாமல் அடித்தால் போதும். அளவாகப் பயன்படுத்துங்கள். ஒட்டவைத்த ஒவ்வொன்றும் இன்னொரு நீண்ட சொல்லாகிவிடும், அதற்கு மேல் வரியில் புது ஓட்டை விழும்.

முடித்ததும் ஒரு பக்கத்தை அச்செடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடியாததால் கண் வெள்ளை இடத்தை மட்டும் பார்க்கும். டீச்சரின் நான்கு பக்கத்தில் அப்படிப் பார்த்தபோது மூன்று இடம் மிஞ்சின. இரண்டை முறிவு போட்டு அடைத்தோம். மூன்றாவதில் ஊர்ப்பெயர் ஒன்று குறுக்கே நின்றது. அவரே வாக்கியத்தில் ஒரு சொல்லை முன்னால் மாற்றிப் போட்டார், சரியாகிவிட்டது.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்து, அத்தனை வரியும் கலைந்துவிடும். File, Save As போய் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பின்னாளில் இதே கட்டுரையை வேறெங்காவது போட வேண்டியிருந்தால், `Ctrl+H`-இல் `^-` என்று தேடி, Replace with கட்டத்தைக் காலியாக விட்டு Replace All கொடுங்கள்; `Ctrl` சேர்த்துப் போட்ட முறிவுகள் அத்தனையும் போய்விடும். கோடில்லாத முறிவுக்கு `^x`.