நீண்ட அலகைப் பங்கிட்டு ஒரே அமைப்பில் குறிப்பு எழுதுதல்: உயர்தர உயிரியல் மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

உயர்தர உயிரியலில் விலங்குகளின் கட்டமைப்பும் தொழிற்பாடும் என்ற அலகு, ஒருவர் தனியே குறிப்பெழுதி முடிக்க நெடுநாள் எடுக்கும் அலகு. கிளிநொச்சி, பரந்தன், தருமபுரம், விசுவமடு, மாங்குளம் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே வகுப்புக்கு வரும் ஐந்து மாணவர்கள் அதைப் பங்கிட்டு எழுதுவதாக வைத்துக்கொண்டு இந்த விளக்கத்தை எழுதுகிறேன். பங்கிடுவது எளிது. ஐந்து கையெழுத்தில் வரும் தாள்களை ஒன்றாகக் கட்டியபின் அவை ஒருவர் எழுதியதுபோல் வாசிக்கப்பட வேண்டும் என்பதே கடினம், அதற்கான வேலை எழுதத் தொடங்குவதற்கு முன்னரே நடக்க வேண்டும்.

முதலில் பங்கீடு. பக்கங்களை எண்ணி ஐந்தால் வகுக்கக் கூடாது. அப்படி வகுத்தால் ஒரு தொகுதியின் நடுவில் வெட்டு விழும், இருவரும் அதைப் பாதிப் பாதியாக விளங்கியே எழுதுவார்கள். தொகுதி முடியும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும். முதல் சுற்றில் சமிபாடு ஒருவருக்கு, சுற்றோட்டமும் சுவாசமும் சேர்த்து ஒருவருக்கு, கழிவகற்றல் ஒருவருக்கு, நரம்புத்தொகுதி ஒருவருக்கு, அகஞ்சுரக்கும் தொகுதி ஒருவருக்கு என்று கொடுக்கலாம். நிர்ப்பீடனம், இனப்பெருக்கம், வன்கூடு ஆகியவற்றை இரண்டாம் சுற்றுக்கு விடுவதே நல்லது, ஏனெனில் முதல் சுற்றில் படிவத்தில் காணும் குறைகளைத் திருத்திக்கொண்டு அங்கே போகலாம். சுற்றோட்டத்தையும் சுவாசத்தையும் ஒருவரிடமே கொடுப்பதற்குக் காரணம் ஈமோகுளோபின்: ஒட்சிசன் சுவாசப்பையில் குருதிக்குள் சேர்வதும் இழையங்களில் விடப்படுவதும் ஒரே கதையின் இரு முனைகள். அந்தப் பங்கு பாரமானதுதான், ஆகவே அதை எடுப்பவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம். அகஞ்சுரக்கும் தொகுதியை எடுப்பவரே தொகுப்பாளராக இருப்பது பொருத்தம், ஏனெனில் ஓமோன்கள் மற்ற எல்லாத் தொகுதிகளையும் தொடுவதால், அவர் எப்படியும் மற்ற நால்வரின் தாள்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, படிவம். இது ஒரு A4 தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், ஒவ்வொரு உபதலைப்புக்கும் ஒரு தாள். நான் பரிந்துரைக்கும் படிவம் இதுதான்:

தாள் எண் / உபதலைப்பு / புத்தகப் பக்கம்
கேள்வி: இந்தத் தாள் எந்த வினாவுக்கு விடை தருகிறது (ஒரு வரி)
அட்டவணை: அமைப்பு – இயல்பு – அந்த இயல்பால் நடக்கும் தொழில்
படம்: தாளின் கீழ் அரைப்பகுதியில், பெயர்கள் யாவும் வலப்பக்கத்தில்
கட்டுப்பாடு: எது உணர்கிறது, எது செயற்படுகிறது, எப்போது நிற்கிறது
இணைப்பு: இதன் தொடர்ச்சி எந்தத் தாளில் உள்ளது

கட்டுப்பாடு இல்லாத உபதலைப்பில் அந்த வரியை அழிக்காமல் ஒரு கோடு இட்டு விட வேண்டும். வரி காணாமற்போனால், எழுத மறந்தாரா, உண்மையிலேயே இல்லையா என்று பின்னர் வாசிப்பவருக்குத் தெரியாது.

இவற்றில் அட்டவணையே உயிர்நாடி. சிறுகுடல் தாளில் சமிபாட்டுக்காரர் இப்படி எழுதுவார்: சடைமுளை – எண்ணிக்கையில் அதிகம் – உறிஞ்சும் பரப்பு கூடுகிறது, சடைமுளையின் மேலணி – ஒரு கலத் தடிப்பு – பொருள் கடக்கும் தூரம் குறைகிறது, குருதி மயிர்க்குழாய் வலை – நெருக்கமானது – உறிஞ்சப்பட்ட பொருள் உடனே அகற்றப்படுகிறது. சுவாசப்பைத் தாளில் சிற்றறைக்கு மற்றவர் எழுதும் வரிகளும் இதே ஒழுங்கில் வரும்: எண்ணிக்கை, மெல்லிய சுவர், மயிர்க்குழாய் வலை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் உறிஞ்சற் பரப்பும் வாயுப் பரிமாற்றப் பரப்பும் எவ்வளவு ஒத்தவை என்பது கண்ணில் படும். ஒருவர் பந்தியாகவும் மற்றவர் சொற்களாகவும் எழுதியிருந்தால் இந்த ஒப்புமை மறைந்துவிடும், ஒப்பிடும் வினா வரும்போது மாணவர் மீண்டும் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டியதாகும்.

எழுதும் முன் ஒரு தாளை ஐவரும் கூடி இருந்து நிரப்புங்கள். சிறுகுடலையே எடுக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்பி, ஐந்தையும் மேசையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள் தானாகத் தெரியும்: ஒருவர் புத்தக வசனத்தை அப்படியே இறக்கியிருப்பார், ஒருவர் தொழிலை இயல்பு நிரலில் எழுதியிருப்பார், ஒருவர் இரத்தம் என்றும் மற்றவர் குருதி என்றும் எழுதியிருப்பார்கள். சொற்களைப் பொறுத்தவரை பாடநூலில் உள்ளதையே எல்லோரும் எடுப்பது என்று முடிவு செய்தால் விவாதம் தேவையில்லை. அந்த ஐந்தில் சிறந்ததைத் திருத்தி, மாதிரித் தாளாக எல்லோரும் ஒவ்வொரு பிரதி வைத்திருக்க வேண்டும்.

போட்டோக்கொப்பியையும் இங்கேயே நினைக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகி விடுவதால், இதயப் படத்தில் நிறத்தால் காட்டிய வேறுபாடு அழிந்துபோகும். ஒட்சிசன் ஏற்றிய குருதிக்கு முழுக்கோட்டு அம்பு, ஒட்சிசன் குறைந்த குருதிக்குப் புள்ளிக்கோட்டு அம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவாசப்பை நாடியில் புள்ளிக்கோடு வருவதைக் காணும்போது, நாடி என்றாலே ஒட்சிசன் நிறைந்தது என்ற பிழையான நினைப்பும் திருந்தும். எழுத்துக்குக் கறுப்புப் பேனை, படத்துக்கு அழுத்தமான பென்சில்.

அடுத்தது, இரண்டு பங்குகளுக்கும் சொந்தமான விடயங்கள். கூட்டுக் குறிப்பு பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். ஏ.டீ.எச். ஓமோனை எடுத்துக்கொள்வோம். அது பரிவகக்கீழில் உருவாகி, பிற்பக்கக் கபச்சுரப்பியிலிருந்து விடப்பட்டு, சிறுநீரகத்தில் சேர்க்கும் கானின் நீருட்புகவிடும் தன்மையைக் கூட்டுகிறது. கழிவகற்றலை எழுதுபவரும் எழுதுவார், ஓமோனை எழுதுபவரும் எழுதுவார். இருவரின் சொற்களும் சற்றே விலகினால், வாசிப்பவர் அவற்றை இரண்டு செய்திகளாக எடுத்துக்கொள்வார். ஆகவே செயல் நடக்கும் இடத்தில் முழு விளக்கம், மற்ற இடத்தில் ஒரே வரி என்ற விதியை வையுங்கள். அதன்படி கழிவகற்றல் தாளின் கட்டுப்பாட்டு வரி இப்படி அமையும்: குருதியின் பிரசாரண அமுக்கம் உயர்வதைப் பரிவகக்கீழ் உணர்கிறது, ஏ.டீ.எச். சேர்க்கும் கானில் செயற்பட்டு நீர் மீளவுறிஞ்சலைக் கூட்டுகிறது. அமுக்கம் வழமைக்குத் திரும்பும்போது சுரப்பு குறைகிறது. ஓமோன் தாளில் பெயரும், சுரக்கும் இடமும், “க4 பார்க்க” என்ற குறிப்பும் போதும். சதையிக்கும் இவ்வாறே: அதன் சமிபாட்டு நொதியங்கள் சமிபாட்டுத் தாளில், இன்சுலினும் குளுக்ககனும் ஓமோன் தாளில்.

க4 என்ற எண்முறையைக் கவனியுங்கள். ச1, ச2 என்று சமிபாட்டுக்கு, க1, க2 என்று கழிவகற்றலுக்கு, ஒவ்வொரு பங்குக்கும் தனி எழுத்து இருந்தால், மாரி மழையில் பாதை வெள்ளமாகி ஒருவரின் தாள்கள் பிந்தினாலும் மற்றவர்களின் எண்கள் மாறாது, வந்ததும் இடையில் சொருகலாம்.

எல்லாம் சேர்ந்தபின் தாள்களை மாற்றிக் கொடுங்கள். வாங்கியவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தாளின் தலைப்பில் உள்ள கேள்விக்குத் தாளை மட்டும் கொண்டு விடை எழுதிப் பார்க்க வேண்டும். விடை தடைப்படும் இடத்தில் பென்சிலால் வட்டமிட்டு எழுதியவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும், தாமே திருத்தக் கூடாது. திருத்தினால் நடையும் மாறும், எழுதியவருக்குத் தன் குறையும் தெரியாது. தொகுப்பாளர் கடைசியாக இணைப்பு வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, சொன்ன தாளில் சொன்ன விடயம் இருக்கிறதா என்று பார்க்கிறார். மூலப்பிரதி அவரிடம் கோவையில் கட்டப்படாமல் தனித்தாள்களாகவே இருக்கட்டும், ஒரு தாள் திருத்தப்பட்டால் அதை மட்டும் ஐந்து பிரதி எடுத்துப் பழையதை எடுத்துவிட்டு வைக்கலாம்.